சாய்வது தலையா, கேமராவா? பேட்டிங் ஸ்டான்ஸ் பயிற்சி வீடியோவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் நாங்கள் பயிற்சி தரும் நெட், தேயிலைச் சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு தட்டு நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பார்த்தால் தேயிலை வரிசைகள் சாய்வாக இறங்கும். இந்தச் சாய்வுதான் என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது.

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு வலதுகைப் பையன். லெக் ஸ்டம்ப் நேராக வரும் பந்தை ஃபிளிக் செய்யப் போய் அடிக்கடி காலில் வாங்கினான். பந்துவீச்சாளர் முனையிலிருந்து போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தேன். தலை ஆஃப் பக்கம், கால்விரலுக்கும் வெளியே ஒரு சாண் அளவுக்குத் தொங்கியது. "தலையைப் பின்னால இழுடா தம்பி" என்று மூன்று வாரம் சொன்னேன். அவனும் இழுத்தான். எடை குதிகாலுக்குப் போய்விட்டது. இப்போது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைக் கையை நீட்டித் தொட்டு எட்ஜ் கொடுக்க ஆரம்பித்தான்.

பழைய வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் ஸ்டம்புகளும் சாய்ந்திருந்தன. டிரைபாடை நிறுத்திய என் அக்கா மகன், பின்னால் தெரிந்த தேயிலை வரிசையைக் கண்ணால் சமனாக எடுத்துக்கொண்டிருக்கிறான். கேமரா 4 டிகிரி சாய்ந்திருந்தது. ஸ்டான்ஸில் நிற்கும் பையனின் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், 4 டிகிரி சாய்வு அதைப் படத்தில் பத்து சென்டிமீட்டர் நகர்த்திக் காட்டும். அவன் தலை உண்மையிலேயே சாயத்தான் செய்தது, ஆனால் பாதியளவுதான். மீதிப் பாதி கேமராவின் தவறு. நான் இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுத்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டான்ஸில் தலை ஆஃப் பக்கம் விழும் தவறும், அதைச் சரிசெய்யும் டிரில்லும். இரண்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இதை ஒழுங்காக எடுக்கத் தெரிந்தால் மற்றவற்றையும் எடுத்துவிடலாம்.

முதலில் தூக்குக்குண்டு

கேமராவை வெளியே எடுக்கும் முன் கொத்தனார் வேலை ஒன்று இருக்கிறது. பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உள்ள நெட் கம்பியில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி, நுனியில் கல்லைத் தொங்க விடுங்கள். அசல் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்டம்பையே அளவாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. மேட் விரித்த சிமென்ட் தரையில் மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். அதன்மேல் வைத்த ஸ்பிரிங் ஸ்டம்பும் அந்த வாட்டத்துக்குத்தான் நிற்கும். தொங்கும் நூல் மட்டும் பொய் சொல்லாது. காற்று வீசும் நாளில் கல் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

போன் கேமராவில் கட்டக்கோடுகளை ஆன் செய்து, நூல் அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு இணையாக வரும்வரை டிரைபாடைத் திருத்துங்கள். நூல் எல்லா ஷாட்டிலும் ஓரமாகத் தெரிய வேண்டும். நாளைக்கு எடிட் செய்யும்போது சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

மூன்று கேமரா இடங்கள்

முக்கியமான கேமரா நேர் எதிரே, பந்துவீச்சாளர் பக்கம். தலை ஆஃப் பக்கம் விழுவது இங்கிருந்துதான் தெரியும். கேமரா நடு ஸ்டம்புக்கு நேர்க்கோட்டில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்டான்ஸில் இரண்டு பாதத்துக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைப்போம். 6 மீட்டர் தூரத்தில் கேமராவை நேர்க்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், நேராக நிற்கும் பாதங்கள்கூட ஏழெட்டு சென்டிமீட்டர் முன்பின்னாகத் தெரியும். ஸ்டான்ஸ் திறந்திருக்கிறது என்று தவறாகச் சொல்லிவிடுவீர்கள். 14 மீட்டரில் இதே தவறு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டரில் அடங்கும். ஆகவே தள்ளி வையுங்கள், நேராகவும் வையுங்கள். உயரம் பேட்ஸ்மேனின் மார்பளவு.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 12 மீட்டரிலிருந்து பந்தை எறியும் கோச்சே கேமராவை மறைப்பார். அவர் ஓவர் த விக்கெட் வீசுவதுபோல ஓரடி ஒதுங்கி நின்று, எறியும் கை மட்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், நேர் டிரைவ் எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதல் டிரைபாடின் காலை உடைத்தது அப்படி ஒரு அழகான ஷாட்தான். கேமராவுக்கு முன் ஒரு பழைய நெட் துண்டைக் கட்டி, லென்ஸை ஒரு கண்ணியின் ஓட்டையோடு ஒட்டி வையுங்கள். கயிறு படத்தில் விழாது.

இரண்டாவது கேமரா பாயிண்ட் திசையில், பக்கவாட்டில். பாப்பிங் கிரீஸின் நீட்டலில் 7 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில். முழங்கால் மடிப்பு, பாதங்களின் அகலம், தலை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே தெரியும். தலை ஆஃப் பக்கம் விழுவது இங்கே தெரியாது. பையன் கேமராவை நோக்கிச் சாய்கிறான், அவ்வளவுதான். பலர் இந்த ஒரு கோணத்தை மட்டும் எடுத்துவிட்டு "ஸ்டான்ஸ் நல்லா இருக்கு" என்று போய்விடுவது இதனால்தான். போனின் 0.5 வைட் லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துக் காட்டும். பேட்டை உயர்த்தவும் முன்கால் வைக்கவும் சட்டகத்தில் இடம் விடுங்கள். இந்த இடம் கட் ஷாட்டின் பாதை, அதனால் ஆள் நிற்கக் கூடாது. போனை நெட்டுக்கு வெளியே வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

மூன்றாவது, விக்கெட் கீப்பருக்குப் பின்னால். பேட் எந்தத் திசையில் உயர்கிறது என்பதற்கு மட்டும். நம் வீடியோவில் இதற்குப் பத்து நொடி போதும்.

ஒரே போன்தான் இருக்கிறதென்றால் மூன்று கோணத்தையும் தனித்தனிப் பந்துகளில் எடுங்கள். ஆனால் ஒரே பந்தின் மூன்று கோணம் என்று ஒட்டிக் காட்டாதீர்கள். கால் வைப்பு ஒவ்வொரு முறையும் மாறும், கவனிக்கிற பையன் கண்டுபிடித்துவிடுவான்.

வெளிச்சம், பனி, பந்தின் நிறம்

ஸ்லோ மோஷனுக்கு நொடிக்கு 240 பிரேம் போதும். 960 என்று விளம்பரம் செய்யும் போன்கள் பலவற்றில் இடைப் பிரேம்கள் கணக்குப் போட்டு உருவாக்கப்பட்டவை. பேட்டின் ஓரம் மெழுகுபோல் உருகித் தெரிந்தால் அதுதான் காரணம். அந்தப் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

ஷட்டரைக் கையால் வைக்க முடிகிற போனாக இருந்தால் 1/1000 வையுங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுழலும் பேட் நுனி அந்த நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் நகரும், கூர்மையாகப் பதியும். 1/120 என்றால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடாகிவிடும். சிக்கல் என்னவென்றால், 1/1000-க்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நீலகிரியில் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் அது கிடைக்காது, படம் புள்ளி புள்ளியாக வரும். அப்போது 1/500-க்கு இறங்குங்கள். ஸ்டான்ஸ் வீடியோவில் நாம் பார்ப்பது தலையை, தலை மெதுவாகத்தான் நகரும். பேட் கொஞ்சம் மங்கினால் குடி முழுகாது.

ஜனவரி, பிப்ரவரி காலைகளில் வெயில் அருமையாக இருக்கும், ஆனால் மேட் நனைந்திருக்கும். ஒன்பதரைக்கு முன் தொடங்காதீர்கள். ஈர மேட்டில் பையன் வழுக்காமல் இருக்கவே கால்களை அகட்டி நிற்பான். அவனுடைய உண்மையான ஸ்டான்ஸ் உங்களுக்குக் கிடைக்காது.

திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். பனி வந்து போகும் நாளில் ஐந்து பந்துக்கு ஒருமுறை மறுபடி பூட்ட வேண்டியிருக்கும். வெள்ளைப் பனிக்கு எதிரே வெள்ளை உடையில் நின்றால் பையன் கரைந்து போவான், அடர்நிற டிராக் சூட் போடச் சொல்லுங்கள். தேயிலைப் பச்சைக்கு எதிரே சிவப்புப் பந்து மங்கிய வெளிச்சத்தில் காணாமல் போகும். வெள்ளைப் பந்தோ மஞ்சள் டென்னிஸ் பந்தோ எடுங்கள். தோல் பந்தென்றால் ஹெல்மெட் இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரிவதால் பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பிரேமில் நிறுத்துவது

ஸ்டான்ஸ் வீடியோவின் உயிர் ஒரே ஒரு பிரேம்: பந்து கையை விட்டுப் போகும் பிரேம். அதற்கு முன் பேட்ஸ்மேன் எப்படி வேண்டுமானாலும் அசையலாம். ஸ்டீவ் ஸ்மித் ஆஃப் ஸ்டம்ப் பக்கமாக நடந்தே போவார். சந்தர்பால் பந்துவீச்சாளருக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார். இருவருமே டெஸ்டில் 10,000 ரன்னைத் தாண்டியவர்கள். அவர்களையும் பந்து கையை விடும் நேரத்தில் பாருங்கள், தலை அசையாது, கண்கள் மட்டமாக இருக்கும். அதனால் "ஸ்டான்ஸ் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். அந்தப் பிரேமில் தலை எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

நேர் எதிர்க் கேமராவில் எறியும் கையும் தெரிவதால் அந்தப் பிரேமைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கவாட்டுக் கேமராவில் கை தெரியாது. சிலர் கோச்சை "ஹப்" என்று சத்தம் போடச் சொல்லி அதை வைத்துப் பொருத்துவார்கள். 12 மீட்டர் தூரத்துச் சத்தம் வந்து சேர நொடியில் ஆயிரத்தில் முப்பத்தைந்து பங்கு ஆகும், அதாவது 240 பிரேமில் எட்டுப் பிரேம் பிந்தும். அதைவிட, பந்து பேட்டில் படும் பிரேமை இரண்டு கேமராவிலும் கண்ணால் பிடித்துப் பொருத்துங்கள். அங்கிருந்து நேர்க் கேமராவில் எத்தனை பிரேம் பின்னால் போனால் கை தெரிகிறதோ, அத்தனை பிரேம் பக்கவாட்டிலும் பின்னால் போங்கள்.

கோடு போடவும் இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவும் கணினியில் Kinovea இலவசமாகக் கிடைக்கிறது. நிறுத்திய பிரேமில் முதலில் தூக்குக்குண்டு நூலின் மேல் ஒரு கோடு போடுங்கள். அதற்கு இணையாக இன்னொரு கோடு, கண்களின் நடுவிலிருந்து கீழே. அது பாதத்தின் முன்பகுதியில், விரல்கள் தொடங்கும் இடத்தில் இறங்கினால் சரி. விரல் நுனியைத் தாண்டி வெளியே இறங்கினால் தலை விழுகிறது. குதிகாலில் இறங்கினால், நான் அந்தப் பையனுக்குச் செய்த தவறு.

குரலுக்கு எவ்வளவு இடம்

12 மீட்டரிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து பேட்டுக்கு வர ஏறக்குறைய முக்கால் நொடி. 240 பிரேமை 30-ல் ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகும், அதாவது ஆறு நொடி. தமிழில் நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல். ஆக ஒரு ரீப்ளேக்கு உங்களிடம் பன்னிரண்டு சொல்தான் இருக்கிறது. இதை மறந்துவிட்டுப் பத்தி பத்தியாக எழுதினால், தலையைப் பற்றிப் பேசும்போது திரையில் பந்து நெட்டில் கிடக்கும்.

எனக்குப் பிடித்த வழி இது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை ரீப்ளேக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரீப்ளே ஓடும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். நிறுத்திய பிரேமில் காரணத்தைச் சொல்லுங்கள். ஸ்லோ மோஷன் முடிந்ததும் அதே பந்தை இயல்பு வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் அந்த மெதுவான அசைவையே காப்பியடிப்பார்கள், நேரில் பார்த்திருக்கிறேன்.

குரலை மைதானத்தில் பதிய வேண்டாம், காற்று இரையும். வீட்டில் கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு போனில் பதிந்தாலே போதும். தகரக் கூரை வீடென்றால் மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட்

அந்தப் பையனுக்காகவே மறுபடி எடுத்த வீடியோவின் ஸ்கிரிப்ட் இது.

காட்சி 1. நேர் எதிர்க் கேமரா, இயல்பு வேகம். பந்து காலில் படுகிறது. 10 நொடி.
குரல்: "லெக் ஸ்டம்ப் நேரா வந்த சாதாரணப் பந்து. தம்பி விட்டுட்டான். ஏன்னு பார்ப்போம். பேட்டைப் பார்க்காதீங்க, ஹெல்மெட்டை மட்டும் பாருங்க."

காட்சி 2. அதே பந்து, எட்டு மடங்கு மெதுவாக. குரல் இல்லை. பந்து கையை விடும் பிரேமில் படம் நிற்கிறது, இரண்டு கோடுகளும் வருகின்றன. 25 நொடி.
குரல், படம் நின்ற பிறகு: "பந்து இன்னும் கையை விட்டு இப்பதான் கிளம்புது. அதுக்குள்ள கண்ணு கால்விரலைத் தாண்டி வெளிய போயிடுச்சு. எடை மொத்தமும் விரல் நுனியில. இனி முன்காலைச் சுத்தித்தான் பேட்டைக் கொண்டு வரணும். அங்கதான் தாமதம்."

காட்சி 3. பக்கவாட்டுக் கேமரா, பந்து இல்லை. பையன் ஸ்டான்ஸ் எடுக்கிறான். 25 நொடி.
குரல்: "பாதம் தோள் அகலத்துக்கு. முழங்கால் கொஞ்சம் தளர்வா. குதிகாலுக்கு அடியில ஒரு காகிதம் நுழையணும், அவ்வளவு லேசா இருந்தா போதும். தாடை முன் தோளுக்கு மேல, ரெண்டு கண்ணும் பந்து போடுறவரைப் பார்க்கணும்."

காட்சி 4. நேர் எதிர்க் கேமரா. கோச் பையனின் பின்னால் நின்று இரண்டு விரலால் முதுகை மெல்லத் தள்ளுகிறார். தடுமாறுகிறான். சரிசெய்து நிற்கிறான், மறுபடி தள்ளுகிறார், அசையவில்லை. 25 நொடி.
குரல்: "ரெண்டு விரல்தான். விழுந்தா எடை முன்னால இருக்கு. இப்ப நெஞ்சுப் பக்கமும் தள்ளிப் பார்க்கிறேன். குதிகாலுக்கு எடை போயிருந்தா இதுல விழுவான்."

நெஞ்சுப் பக்கம் தள்ளும் அந்த ஒரு வரி முன்பு என் ஸ்கிரிப்டில் இல்லை. இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

காட்சி 5. டிரில். 8 மீட்டரிலிருந்து அண்டர்ஆர்ம் எறி, பந்து காலுக்கு நேராக வரும்படி, மொத்தம் 12 பந்து. ஆடி முடித்ததும் பேட்டை அப்படியே நிறுத்தி இரண்டு எண்ண வேண்டும். முதல் பந்து நேர் கேமராவில், பிறகு பின் கேமராவுக்கு வெட்டு. 40 நொடி.
குரல்: "எங்க அடிச்சான்னு பார்க்கல. அடிச்ச பிறகு ரெண்டு எண்ணுற வரைக்கும் நிக்க முடியுதா? முடியலன்னா அந்தப் பந்து கணக்குல இல்ல."

காட்சி 6. பழைய பந்தும் புதிய பந்தும் அருகருகே, கை விடும் பிரேமில் நின்று, பிறகு இரண்டும் இயல்பு வேகத்தில். 15 நொடி.
குரல்: "இடப்பக்கம் முதல் நாள், வலப்பக்கம் இன்னிக்கு. கோட்டைப் பாருங்க."

கடைசிக் காட்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு படமும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். டிரைபாட் கால்கள் நின்ற இடத்தில் மூன்று ஆணி அடித்து வைத்திருக்கிறோம், நடுக்கம்பியில் பெயிண்ட்டால் உயரக் குறி. முதல் நாள் படத்தில் நூல் சாய்ந்திருந்தால், ஒப்பிடும் முன் நூல் நேராகும்வரை படத்தைச் சுழற்றுங்கள். எங்கள் பழைய வீடியோவில் தூக்குக்குண்டு இல்லை. ஸ்டம்பின் வாட்டத்தை ரசமட்டம் வைத்து அளந்து, அதைக் கழித்துத்தான் 4 டிகிரி என்று கண்டுபிடித்தோம். சுழற்றிய பிறகு அந்தப் பையனின் தலை பத்து சென்டிமீட்டர் வெளியே இருந்தது, டிரில் தொடங்கிய பதினோராம் நாள் விரல் மூட்டுக்கு மேலே வந்து நின்றது.

அவனிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ அண்ணா, அந்த மூணு வாரம் நான் சரியாத்தான் நின்னேனா?" என்றான். பாதி சரி என்றேன்.